காசு அச்சடித்தது 2020 இல், விலை ஏறியது 2022 இல்

அரசியல் பொருளாதாரப் பாடநெறிக்கு ஒரு சின்ன ஒப்படை தந்திருந்தார்கள். பணவீக்கத்துக்கு மக்கள் வாங்க முயல்வதைக் காரணமாகச் சொல்லும் கேள்விப் பக்க விளக்கத்தையும், பணத்தின் அளவைக் காரணமாகச் சொல்லும் நாணய விளக்கத்தையும் ஏதாவதொரு நாட்டின் அனுபவத்தை வைத்து 1500 சொற்களுக்குள் ஒப்பிட வேண்டும். வகுப்பில் அநேகமாக எல்லோரும் 2022 இலங்கையைத்தான் எடுத்தோம். வேறு நாட்டைத் தேடிப் போக யாருக்கும் மனம் வரவில்லை, எரிவாயு சிலிண்டர் 12.5 கிலோ 1,493 ரூபாவிலிருந்து 4,860 ரூபாவுக்குப் போனதைப் பார்த்தவர்கள் நாங்கள். அநேகமாக எல்லோருடைய முடிவும் ஒன்றாகத்தான் இருந்தது: இரண்டு காரணங்களுமே பங்களித்தன. இந்த வசனம்தான் எனக்குச் செமிக்கவில்லை. பிழையான வசனம் என்பதற்காக அல்ல. எந்த நாட்டை எடுத்தாலும், எந்த ஆண்டை எடுத்தாலும் அதை எழுதலாம். எப்போதும் பொருந்துகிற ஒரு பதில் எதையும் விளக்கவில்லை என்றுதானே அர்த்தம். ஒப்படையைக் கொடுத்து முடித்த பிறகும் அது மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது, அதனால் 1500 சொற்களுக்குள் அடங்காததை இங்கே எழுதுகிறேன்.

இரண்டு கோட்பாடுகளையும் பாடப்புத்தகம்போல விரிக்கப் போவதில்லை. சுருக்கமாக: கேள்விப் பக்கக்காரர் சொல்வது, நாட்டால் உற்பத்தி செய்யக்கூடிய அளவை விட எல்லோருமாகச் சேர்ந்து அதிகமாக வாங்க முயன்றால் விலை ஏறும். 1940 இல் போர்ச் செலவைப் பற்றி எழுதிய பிரித்தானியப் பொருளியலாளர் கெய்ன்ஸ் இந்த இடைவெளியைத்தான் கணக்குப் பார்த்தார். நாணயவாதி சொல்வது, அந்த வாங்கும் முயற்சி எங்கிருந்து வந்தது என்று பார், பொருட்களின் அளவை விடப் பணம் வேகமாகப் பெருகாமல் விலைமட்டம் தொடர்ந்து ஏறவே முடியாது. பணவீக்கம் எங்கும் எப்போதும் பணத்தின் விளைவுதான் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் மில்டன் ஃப்ரீட்மனின் பேர்போன வரி 1963 இல் பம்பாயில் அவர் ஆற்றிய உரைகளில் வந்தது. நம் பக்கத்திலேயே பிறந்த வரி, அதை நம் பக்கத்துக் கணக்கிலேயே சோதித்துப் பார்ப்பது நியாயம்தான்.

புதன்கிழமை ஏலம்

2019 டிசம்பரிலிருந்து பெறுமதி சேர் வரி 15 வீதத்திலிருந்து 8 வீதமாக வெட்டப்பட்டது. சம்பளத்தில் கழிக்கும் வரியும் தேசக் கட்டுமான வரியும் இல்லாமற் போயின. மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 11 வீதத்துக்குச் சற்று மேல் இருந்த வரி வருமானம் அடுத்த ஆண்டே 8 வீதமளவுக்கு இறங்கியது. கொரோனாவும் அதே நேரத்தில் வந்து சேர்ந்தது. அரசாங்கத்துக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும், ஓய்வூதியம் கொடுக்க வேண்டும், வட்டி கட்ட வேண்டும். வரி இல்லை, ஆகவே கடன்.

அந்தக் கடன் எப்படி எடுக்கப்பட்டது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. அரசாங்கம் குறுகிய காலக் கடனுக்கு விற்கும் பத்திரங்களான திறைசேரி உண்டியல்கள் வாராவாரம் ஏலத்துக்கு வரும், வழக்கமாகப் புதன்கிழமை. அந்தக் காலத்தில் மத்திய வங்கி ஏலத்துக்கு முன்னமே ஓர் உச்ச வட்டி வீதத்தை அறிவித்து வைத்திருந்தது. அதற்கு மேல் வட்டி கேட்டால் உண்டியல் கிடையாது. வங்கிகளுக்கு அந்த வட்டி போதவில்லை, அதனால் முழுத் தொகைக்கும் ஆள் வரவில்லை. ஒரு கற்பனைக் கணக்கு வைத்துக்கொள்வோம்: அரசாங்கம் 40 பில்லியன் ரூபா கேட்கிறது, சந்தை 15 பில்லியனுக்கு வருகிறது. மிச்சம் 25 பில்லியனை மத்திய வங்கியே வாங்கி அரசாங்கத்தின் கணக்கில் வரவு வைக்கிறது. நோட்டு எதுவும் அச்சாகவில்லை, ஒரு கணக்கில் ஓர் எண் கூடுகிறது, அவ்வளவுதான். அந்த எண் ஆசிரியர் சம்பளமாக ஒரு வங்கிக் கணக்குக்குப் போகும்போது அது பணம். அந்த வங்கி மத்திய வங்கியில் வைத்திருக்கும் இருப்பும் அதே அளவால் கூடும், அதை வைத்து அது மேலும் கடன் கொடுக்கலாம். 2019 கடைசியில் மத்திய வங்கியின் கையில் சுமார் 75 பில்லியன் ரூபா பெறுமதியான அரச பிணையங்கள், அதாவது அரசாங்கத்தின் கடன் பத்திரங்கள், இருந்தன. 2020 கடைசியில் சுமார் 725 பில்லியன். 2021 கடைசியில் 1,400 பில்லியனுக்கு மேல்.

இதில் எது கேள்வி, எது பணம்? வரிக் குறைப்பால் மக்கள் கையில் மிஞ்சிய காசு கேள்விப் பக்கம். அதனால் வந்த பற்றாக்குறையை நிரப்ப உருவான எண் நாணயப் பக்கம். ஒரே கொடுக்கல் வாங்கலின் இரண்டு பக்கங்கள் இவை. இதை இரண்டு தனித்தனிக் காரணங்களாக எண்ணி 'இரண்டும் பங்களித்தன' என்று எழுதினால் ஒரே காசை இரண்டு தரம் எண்ணிய மாதிரி. ஆகவே இரண்டு விளக்கங்களும் உண்மையில் எங்கே முட்டிக்கொள்கின்றன என்று தேட வேண்டியிருந்தது.

ஆண்டு ஆண்டாகவும், மொத்தமாகவும்

நாணயவாதியின் சமன்பாடு எல்லோருக்கும் தெரிந்ததுதான்:

```
M × V = P × Y
```

M பணத்தின் அளவு, V அது கைமாறும் வேகம், P விலைமட்டம், Y உண்மை உற்பத்தி. V மாறாமல் இருந்தால், பணம் கூடிய அளவை உற்பத்தி கூடிய அளவால் வகுத்தால் விலை எவ்வளவு கூட வேண்டும் என்று வந்துவிடும். இதை ஓர் ஆண்டுக்குச் செய்து பார்த்தேன், படுமோசம். 2020 இல் விரிந்த பணம், அதாவது மக்கள் கையிலுள்ள காசும் வங்கி வைப்புகளும் சேர்ந்த தொகை, 23.4 வீதத்தால் கூடியது, உற்பத்தி ஏறக்குறைய 4.6 வீதத்தால் சுருங்கியது. கணக்குப்படி விலை 29 வீதம் ஏறியிருக்க வேண்டும். கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் அந்த டிசம்பரில் காட்டியது 4.2 வீதம். அதைப் பார்த்துத்தான் மத்திய வங்கியின் உச்சியில் இருந்தவர்களே அச்சடிப்புக்கும் விலைக்கும் சம்பந்தமில்லை என்று பேசினார்கள், தன் நாணயத்தில் கடன் வாங்கும் அரசுக்குக் காசு தீராது என்கிற நவீன நாணயக் கோட்பாட்டையும் துணைக்கு இழுத்தார்கள். சரி, 2022 ஐப் பார்த்தால் தலைகீழ். பணம் 15.4 வீதம்தான் கூடியது, உற்பத்தி 7 வீதத்துக்கு மேல் விழுந்தது, கணக்குப்படி விலை 25 வீதமளவில் ஏறியிருக்க வேண்டும். டிசம்பரில் இருந்தது 57.2 வீதம், செப்டெம்பரில் உச்சமாக 69.8 வீதம்.

இந்த இடத்தில் நாணய விளக்கத்தைத் தூக்கி எறிந்துவிட்டு ஒப்படையை முடித்திருக்கலாம். வகுப்பில் சிலர் அப்படித்தான் செய்தார்கள். நான் ஏதோ ஒரு பிடிவாதத்தில் மூன்று ஆண்டுகளையும் சேர்த்துப் பெருக்கிப் பார்த்தேன். 2019 கடைசியிலிருந்து 2022 கடைசிவரை விரிந்த பணம் 61 வீதத்தால் கூடியிருக்கிறது. உண்மை உற்பத்தி மொத்தமாக 8 வீதமளவில் குறைந்திருக்கிறது. 161 ஐ 92 ஆல் வகுத்தால் 1.75. அதாவது விலை 75 வீதம் ஏறியிருக்க வேண்டும். உண்மையில் ஏறியது? அந்த மூன்று டிசம்பர்களின் 4.2, 12.1, 57.2 ஆகியவற்றைச் சேர்த்துப் பெருக்கினால் 84 வீதம்.

கல்குலேட்டரை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். ஆண்டு ஆண்டாக எங்குமே பொருந்தாத ஒரு கணக்கு, மொத்தமாக எடுத்தால் இவ்வளவு கிட்ட வருகிறது. 2020 இல் வராத விலை எங்கோ போய்விடவில்லை, காத்திருந்து 2022 இல் வந்திருக்கிறது. இதை அளவுக்கு மீறிக் கொண்டாடவும் கூடாது. மூன்று ஆண்டு என்று வெட்டியது நான், வேறு இடத்தில் வெட்டினால் இவ்வளவு அழகாக வராது. இன்னொன்று, விரிந்த பணத்துக்குள் வெளிநாட்டு நாணய வைப்புகளும் இருக்கின்றன. டொலர் 200 இலிருந்து 360 க்குப் போனால் யாரும் ஒரு சதம் வைப்பிடாமலே அவற்றின் ரூபாப் பெறுமதி வீங்கும். ஆகவே 2022 இன் 15.4 வீதத்தில் ஒரு பகுதி வெறும் மறுமதிப்பீடு. விலை ஏறியதால் பணம் கூடியதே தவிர, பணம் கூடியதால் விலை ஏறவில்லை என்று அந்தப் பகுதிக்கு மட்டும் சொல்லலாம். இதையெல்லாம் கழித்தாலும் மொத்தக் கணக்கு ஆட்டம் காண்கிறதே தவிர விழவில்லை.

அப்போ வினா மாறுகிறது. 'பணமா கேள்வியா' என்பதை விடு. இரண்டு வருடம் ஏன் தாமதம்? அந்த இரண்டு வருடமும் பணம் எங்கே இருந்தது?

காசு போன வழி

2020 க்குப் பதில் சுலபம். ஊரடங்கு. சம்பளம் வந்தது, செலவழிக்க இடமில்லை, வங்கியில் கிடந்தது. V விழுந்தது என்று சமன்பாட்டில் எழுதலாம், ஆனால் அப்படி எழுதுவது ஒரு விளக்கம் அல்ல, மிச்சத்துக்கு ஒரு பெயர். மக்கள் வாங்கவில்லை என்று சொல்பவர் கேள்விப் பக்கக்காரர், இந்த ஆண்டில் பேச வேண்டியவர் அவர்தான்.

2021 இல் ஊர் திறந்தது, காசு நகர்ந்தது. ஆனால் உள்ளூர் விலையாக வெளிப்படுவதற்கு முன் அது கப்பல் ஏறிவிட்டது. வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்த நிலையிலும் இறக்குமதிச் செலவு 2020 இல் 16 பில்லியன் டொலரிலிருந்து 2021 இல் 20.6 பில்லியனாகக் கூடியது. உலகச் சந்தையில் எண்ணெய் விலை ஏறியதும் அதில் ஒரு பங்கு. மறுபக்கம் வெளிநாட்டு உழைப்பாளர்கள் அனுப்பிய பணம் 7.1 இலிருந்து 5.5 பில்லியனுக்கு இறங்கியது. டொலரை 200, 203 என்று கட்டிப்பிடித்து வைத்திருந்ததால் அதிகாரபூர்வ வழியில் அனுப்ப யாருக்கும் மனமில்லை. 2019 கடைசியில் 7.6 பில்லியன் டொலராக இருந்த நாட்டின் வெளிநாட்டு நாணய ஒதுக்கு 2021 கடைசியில் 3.1 பில்லியன். அதிலும் உண்மையில் செலவழிக்கக்கூடியது கொஞ்சம்தான்.

இங்கே கவனிக்க வேண்டிய ஒரு நுணுக்கம் இருக்கிறது. மத்திய வங்கி ஒரு டொலரை விற்கும்போது 200 ரூபா சந்தையிலிருந்து அதன் கைக்குத் திரும்பி வருகிறது. அதாவது ஒரு கையால் உண்டியல் வாங்கி ரூபாவை உருவாக்கியது, மறு கையால் டொலர் விற்று அதே ரூபாவை உறிஞ்சியது. விலைச் சுட்டெண்ணில் தெரியாதது இதனால்தான். அச்சடிப்பின் விளைவு கடைத்தெருவில் அல்ல, ஒதுக்குக் கணக்கில் தெரிந்துகொண்டிருந்தது. ஓட்டைத் தொட்டிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டே மட்டம் ஏறவில்லை, பார்த்தீர்களா என்று சொன்ன மாதிரி. டொலர் தீர்ந்த அன்றைக்கு ஓட்டை அடைபட்டது. 2022 மார்ச்சில் ரூபாவைக் கட்டிப்பிடித்து வைத்திருப்பதைக் கைவிட்டார்கள், சில வாரங்களில் டொலர் 360 ஐத் தாண்டியது. ஏப்ரல் 12 இல் வெளிநாட்டுக் கடனைக் கட்டுவதை நிறுத்துவதாக அறிவித்தார்கள்.

கொழும்பு புறக்கோட்டையில் பருப்பு, மிளகாய், மல்லி என்று மொத்தமாகக் கொடுக்கும் ஒருவரை எனக்குப் பழக்கம். ஒப்படைக்காக அவரிடம் போய், எப்போது விலை கூட்டினீர்கள், ஏன் கூட்டினீர்கள் அண்ணை என்று கேட்டேன். அவர் சிரித்தார். "காசு அச்சடிக்கிறாங்கள் எண்டு எல்லாருக்கும் தெரியும் தம்பி. அதுக்காக நான் விலை கூட்டேல்லை. அடுத்த கொண்டெய்னர் என்ன விலைக்கு வரும் எண்டு தெரியாமப் போன அண்டைக்குத்தான் கூட்டினனான்." பழைய விலைக்கு வாங்கிய மூட்டைகள் கடையில் இருந்தும் கூட்டினீர்களா என்றேன். "பழைய விலைக்கு வித்தா அந்தக் காசிலை புது மூட்டை பாதிதான் வாங்கலாம். பிறகு கடையைப் பாதியாக்கிறதோ?"

V ஏன் திடீரென்று ஏறியது என்பதற்கு எந்தப் புத்தகத்திலும் இவ்வளவு தெளிவாக நான் படிக்கவில்லை. அவரிடம் வாங்க வந்தவர்களுக்கும் அதே பயம்தான், ரூபாவாக வைத்திருப்பதை விட மூட்டையாக வைத்திருப்பது பாதுகாப்பு. இதைக் கேள்வி அதிகரிப்பு என்று சொல்ல முடியாது. சாப்பிடுவது குறைந்துகொண்டிருந்தது. அந்த ஆண்டு நாட்டின் உற்பத்தியும் நுகர்வும் சேர்ந்தே விழுந்தன. பாடப்புத்தகக் கேள்விப் பணவீக்கம் பொருளாதாரம் கொதிக்கும்போது வர வேண்டியது, எங்களுக்கு வந்தது அது உறைந்துபோன நேரத்தில். கேள்விப் பக்கக்காரருக்கு இது பெரிய சங்கடம். அவர் தப்ப வேண்டுமென்றால், மிகைக் கேள்வி 2021 இலேயே வந்துவிட்டது, அதன் பில் மட்டும் 2022 இல் வந்தது என்று சொல்ல வேண்டும். அப்படிச் சொன்னால் அவர் நாணயவாதியின் காலதாமதக் கதையைத்தான் தன் மொழியில் சொல்கிறார்.

உக்ரேன் போர், உரத் தடை என்று மூன்றாவது பக்கத்திலிருந்து ஒருவர் வருவார். 2021 இல் இரசாயன உரத்தைத் தடை செய்தது நெல் விளைச்சலை வெட்டியது, மறுப்பே இல்லை, சோற்றின் விலையில் அது இருக்கிறது. ஆனால் எண்ணெய் விலை இந்தியாவுக்கும் அதே விலைதான். அங்கே 2022 ஏப்ரலில் பணவீக்கம் 7.8 வீதம். பொருள் வரத்துக் குறைவதால் வரும் நிரம்பல் அதிர்ச்சியால் ஏழுக்கும் எழுபதுக்கும் இடையிலான தூரத்தை அடைக்க முடியாது.

இறங்கிய கதை இன்னும் சிக்கல்

ஏறியதை விட இறங்கியதுதான் இரண்டு விளக்கங்களையும் நன்றாகச் சோதிக்கிறது என்று இப்போது நினைக்கிறேன், ஒப்படையில் இதற்கு இடமே கிடைக்கவில்லை. 2022 ஏப்ரல் 8 இல் மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரே நாளில் 7 வீதப் புள்ளிகளால் உயர்த்தியது. 2023 செப்டெம்பரில் பணவீக்கம் 1.3 வீதம். ஓராண்டில் 69.8 இலிருந்து 1.3. நாணயவாதிக்கு வெற்றி என்று எழுதத்தான் கை போகும். ஆனால் 2022 முழுக்க மத்திய வங்கி உண்டியல் வாங்குவதை நிறுத்தவில்லை. அரசாங்கத்துக்கு வேறு யாரும் கடன் தரத் தயாரில்லை, கையிருப்பில் இருந்த அரச பிணையங்கள் அந்த ஆண்டில் இன்னும் பெருகின. அச்சடிப்புத்தான் பணவீக்கம் என்றால், அச்சடிப்புத் தொடரும்போதே உச்சம் எப்படித் தாண்டியது?

பணத்தை உருவாக்குவது மத்திய வங்கி மட்டுமல்ல என்பது பதிலின் பாதி. வணிக வங்கி ஒருவருக்குக் கடன் கொடுக்கும்போதும் பணம் பிறக்கிறது. உண்டியல் வட்டியே 30 வீதத்தைத் தாண்டிய காலத்தில் யார் வீட்டுக் கடன் எடுப்பார், யார் கடைக்கு ஓவர்டிராஃப்ட் எடுப்பார். தனியார் கடன் சுருங்கத் தொடங்கியது, அரசுக்காக உருவான பணத்தை அது ஓரளவு ஈடு செய்தது. மற்றப் பாதி கேள்விப் பக்கம்: சம்பளம் அதே, விலை இரண்டு மடங்கு, வாங்கும் சக்தி தானாகவே நசுங்கியது. பெற்றோல் ஒரு லீற்றர் 177 ரூபாவிலிருந்து ஆறு மாதத்தில் 470 க்குப் போனால் முச்சக்கர வண்டிக்காரர் குறைவாக ஓடுவார், அவர் பிள்ளை குறைவாகச் சாப்பிடும். இதைத்தான் கெய்ன்ஸ் 1940 இல் பயந்தார். இடைவெளியை வரியால் மூடாவிட்டால் விலை அதை மூடும், உழைப்பவரின் சம்பளத்திலிருந்து எடுத்து மூடும்.

பணவீக்கம் இறங்கியதே தவிர விலை இறங்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இந்த வித்தியாசத்தைப் பேருந்தில் யாருக்காவது விளங்கப்படுத்திப் பாருங்கள், அடி வாங்காமல் வந்தால் அதிர்ஷ்டம்.

வரிக் குறைப்பா, உண்டியலா

விரிவுரையாளர் என் ஒப்படையின் ஓரத்தில் ஒரு குறிப்பு எழுதியிருந்தார்: அந்த வரிக் குறைப்பை மத்திய வங்கி நிதியளிக்காமல், அரசாங்கம் சந்தை வட்டிக்குக் கடன் வாங்கியே சமாளித்திருந்தால் என்ன நடந்திருக்கும்? இரண்டு விளக்கங்களையும் பிரிக்கிற சரியான கத்தி இதுதான், நான் தொடாமல் விட்டது. கேள்விப் பக்கக்காரர் சொல்வார், அப்போதும் மக்கள் கையில் அதே மிகைக் காசு, கொஞ்சம் குறைந்த வேகத்தில் அதே விளைவு. நாணயவாதி சொல்வார், இல்லை, வட்டி 2020 இலேயே ஏறியிருக்கும், தனியார் கடன் அப்போதே சுருங்கியிருக்கும், இறக்குமதியும் சுருங்கியிருக்கும், ஒதுக்குத் தப்பியிருக்கும். இதில் நான் நாணயவாதியின் பக்கம். அந்த ஏலத்தின் உச்ச வட்டி இல்லாமல் இருந்திருந்தால், வரிக் குறைப்பின் விலை இரண்டு வருடம் கழித்துப் பருப்பு மூட்டையில் வராமல், இரண்டு மாதத்தில் திறைசேரியின் வட்டிப் பில்லில் வந்திருக்கும். அமைச்சரவைக்கு வலித்திருக்கும். வலித்திருந்தால் திருத்தியிருப்பார்கள் என்று நம்புகிறேன். அரசியல் பொருளாதாரத்தில் நம்பிக்கைக்குப் புள்ளி இல்லை என்று தெரியும்.

அதே நேரம் நாணய விளக்கத்தோடு எனக்கு ஒரு கோபமும் உண்டு. குற்றவாளியாக மத்திய வங்கியை மட்டும் நிறுத்திவிட்டு அது வீட்டுக்குப் போய்விடுகிறது. 2023 இன் 16 ஆம் இலக்க மத்திய வங்கிச் சட்டம் அந்த விளக்கத்தை அப்படியே சட்டமாக்கியது: இனிமேல் அரசாங்கத்தின் உண்டியலை மத்திய வங்கி நேரடியாக வாங்கக் கூடாது. நல்ல சட்டம்தான். ஆனால் அந்தக் கதவு மூடினால் காசு வேறு எங்கிருந்தாவது வர வேண்டும், வந்தது. பெறுமதி சேர் வரி 2022 இல் 12, பிறகு 15, 2024 ஜனவரியில் 18 வீதம். பணவீக்கம் சட்டமில்லாத வரி என்பார்கள், இப்போது அதன் இடத்தில் வரியே வந்திருக்கிறது, இரண்டையும் அதிகம் கட்டுவது சம்பளத்தை முழுதாகச் செலவழித்தே தீர வேண்டியவர்கள்தான். கேள்விப் பக்கத்துக்கும் 2024 இல் ஒரு சட்டம் வந்தது, பொது நிதி முகாமைத்துவச் சட்டம், வட்டி தவிர்ந்த அரச செலவுக்கு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 13 வீதம் என்று ஒரு மேல்வரம்பு. செலவுக்கு மேல்வரம்பு வைத்திருக்கிறார்கள். 2019 டிசம்பரில் நடந்தது செலவு கூடியதல்ல, வரி குறைந்தது.